வீட்டுச் சமையலறைக்கு உரிமம்: கேப் டவுனில் சாப்பாடு விற்பவர்களுக்குச் சட்டம் போடும் கணக்கு

தென்னாப்பிரிக்காவில் வீட்டின் முன்னறையில் தையல் இயந்திரம் போட்டு ரவிக்கை தைத்துக் கொடுப்பவருக்கு வணிக உரிமம் தேவையில்லை. பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பவருக்கும், வீட்டிலிருந்தே கணக்குப் புத்தகம் எழுதுபவருக்கும் தேவையில்லை. அடுத்த வீட்டில் நாற்பது பொட்டலம் பிரியாணி விற்பவருக்கு மட்டும் தேவை. 1991ஆம் ஆண்டின் 71ஆம் எண் வணிகச் சட்டம் மூன்றே வகைத் தொழில்களைத்தான் உரிமத்தின் கீழ் வைத்திருக்கிறது: சாப்பாட்டையோ கெட்டுப்போகக்கூடிய உணவுப் பண்டங்களையோ நுகர்வோருக்கு விற்பது, சில வகை உடல்நல, கேளிக்கை நிலையங்களை நடத்துவது, உணவைத் தெருவில் கொண்டுபோய் விற்பது. வீட்டுத்தொழில் செய்யும் நம்மவர்களில் பெரும்பாலோர் இதில் மாட்டுவது முதல் வகையில்தான். நாம் வீட்டிலிருந்து விற்பதில் பாதி சமூசாவும் சாப்பாடும்தானே.

உரிமம் என்றதும் பழைய குடும்பங்களில் பெரியவர்கள் முகம் சுளிப்பதற்குக் காரணம் உண்டு. 1897இல் நேட்டால் காலனி கொண்டுவந்த வணிகர் உரிமச் சட்டம், இந்தியக் கடைக்காரர்களை ஒடுக்குவதற்கென்றே வந்தது. உரிம அதிகாரி விரும்பினால் கொடுக்கலாம், விரும்பாவிட்டால் மறுக்கலாம். கணக்கை ஆங்கிலத்தில் எழுதத் தெரியாதவருக்கு உரிமம் இல்லை. மறுப்பை எதிர்த்து நீதிமன்றத்துக்குப் போகும் வழியும் அடைக்கப்பட்டிருந்தது. மேல்முறையீடு நகரசபையோடு நின்றுவிடும். அந்த நகரசபையில் உட்கார்ந்திருந்தவர்களோ போட்டிக் கடைக்காரர்கள். காந்தி நேட்டாலில் நடத்திய போராட்டங்களில் இந்தச் சட்டத்துக்கு எதிரான மனுக்களும் அடங்கும்.

1991ஆம் ஆண்டுச் சட்டம் இதைத் தலைகீழாக மாற்றியது. உரிமம் வழங்குவதுதான் விதி, மறுப்பதற்குத்தான் காரணம் வேண்டும். அந்தக் காரணமும் பெரும்பாலும் இரண்டில் ஒன்று: இடம் நகரமைப்பு விதிகளுக்கு ஒத்துவரவில்லை, அல்லது பொதுமக்களின் உடல்நலத்துக்கும் பாதுகாப்புக்கும் உரிய விதிகளுக்கு ஒத்துவரவில்லை. மறுத்தால் மேல்முறையீடு செய்யலாம். ஆகவே உரிம அலுவலகத்தில் போய் வாதாடுவதில் பயனில்லை. முடிவு அதற்கு முன்னாலேயே இரண்டு மேசைகளில் ஆகிவிடுகிறது. ஒன்று நகரமைப்புப் பிரிவு, மற்றொன்று சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவு. அங்கே இரண்டு பதில்களும் சரியாக வந்துவிட்டால், உரிமம் என்பது பெரும்பாலும் எழுத்து வேலைதான்.

நான் கேப் டவுன் மாநகராட்சியின் விதிகளை வைத்துப் பேசுகிறேன். டர்பனில் இருப்பவர்களுக்கு எண்களும் பெயர்களும் மாறும். அங்கே ஒவ்வொரு மண்டலத்துக்கும் தானாக அனுமதிக்கப்பட்டவை, சிறப்பு ஒப்புதல் வேண்டியவை, விலக்கப்பட்டவை என்று பயன்பாடுகள் பிரிக்கப்பட்டிருக்கும்; சிறப்பு ஒப்புதல் என்றால் அக்கம்பக்கத்தாருக்கு அறிவிப்புப் போகும். எண்கள் வேறானாலும், விதிகளுக்குப் பின்னால் இருக்கும் நோக்கம் ஒன்றுதான்.

கேப் டவுனில் சாதாரணத் தனி வீடுகள் இருக்கும் குடியிருப்பு மண்டலத்தில், தனியே விண்ணப்பிக்காமலே வீட்டுத்தொழில் நடத்தலாம், சில நிபந்தனைகளுக்குள் இருந்தால். அந்த நிபந்தனைகளை வரிசையாகப் படிக்கும்போது இது அதிகாரி மனத்தில் தோன்றியதாகத் தெரியவில்லை. ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் என்றோ ஓர் அயல்வீட்டுக்காரர் எழுதிய புகார் இருக்கிறது. தொழில் நடத்துபவர் அந்த வீட்டிலேயே குடியிருக்க வேண்டும் என்பது, ஆளில்லாத வீட்டைக் கிடங்காக்கியவரைப் பற்றிய புகார். வீட்டுக்காரரையும் சேர்த்து மொத்தம் மூன்று பேருக்கு மேல் வேலை செய்யக்கூடாது என்பது, பத்துப் பேர் காலையில் வாசலில் கூடியதைப் பற்றிய புகார். விற்பனைப் பொருளைத் தெருவுக்குத் தெரியும்படி வைக்கக்கூடாது, ஒளியூட்டாத ஒரே ஒரு பலகைதான் வைக்கலாம், அங்கே செய்ததை மட்டுமே அங்கே விற்கலாம் என்பன, வீடு மெல்லக் கடையாக மாறிய கதைகள். வெளியிலிருந்து குளிர்பானம் வாங்கி வைத்துப் பிரியாணியோடு விற்றால் அது வீட்டுத்தொழில் இல்லை, வீட்டுக்கடை. அதற்கு விதிகள் வேறு.

இரண்டு எண்கள்தாம் நடைமுறையில் கழுத்தைப் பிடிப்பவை. ஒன்று பரப்பு: தொழிலுக்குப் பயன்படும் இடம் வீட்டின் மொத்தத் தளப்பரப்பில் 25 சதவீதத்தையோ 50 சதுர மீட்டரையோ, இரண்டில் எது குறைவோ அதைத் தாண்டக்கூடாது. மற்றொன்று நேரம்: திங்கள் முதல் வெள்ளி வரை காலை 8 முதல் மாலை 5.30 வரை, சனிக்கிழமை காலை 8 முதல் பகல் 1 மணி வரை. ஞாயிறும் பொது விடுமுறையும் கிடையாது. தொழிலுக்காகும் இடத்தில் ஒவ்வொரு 25 சதுர மீட்டருக்கும் வளாகத்துக்குள்ளேயே ஒரு கார் நிறுத்தும் இடமும் காட்ட வேண்டும்.

ரைலண்ட்ஸில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த காலத்தில் இந்தியர்களுக்கென்று ஒதுக்கப்பட்ட பகுதி அது. இன்றும் தமிழ்க் குடும்பங்களும் முஸ்லிம் குடும்பங்களும் மதிலுக்கு மதில் வாழ்கிறார்கள். வீடு 140 சதுர மீட்டர். அக்கா ஒருவர், மருமகளையும் உதவிக்கு ஒரு பெண்ணையும் வைத்துக்கொண்டு, வாரநாள்களில் மதியச் சாப்பாடும், புரட்டாசி மாதத்தில் சைவச் சாப்பாடும், தீபாவளிக்குப் பலகாரமும் செய்து விற்க நினைக்கிறார். 140இல் கால்பங்கு 35 சதுர மீட்டர். சமையலறை 15, பின்பக்கச் சாமான் அறை 9, ஆக 24. பரப்பில் சிக்கல் இல்லை. ஒரு கார் இடம் போதும். ஆள் மூன்று, அதுவும் சரி. வண்டி ஓட்ட மருமகளின் தம்பி வந்து, காத்திருக்கும் நேரத்தில் பொட்டலம் கட்டவும் ஆரம்பித்தால் ஆள் நான்காகிவிடும். விதி அங்கே உடைகிறது.

இதே அக்கா கராஜைச் சமையலறையாக மாற்றினால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும், ஏனெனில் எல்லாருக்கும் முதலில் தோன்றும் யோசனை அதுதான். கராஜைச் சமையலறையாக்க மாநகராட்சி ஒப்புதல் பெற்ற கட்டட வரைபடம் வேண்டும். பரப்பு இன்னொரு 18 சதுர மீட்டர் கூடினால் மொத்தம் 42, அதாவது 35ஐத் தாண்டிவிட்டது. பழைய சமையலறையைத் தொழில் கணக்கிலிருந்து நீக்கினால் 27. அது உள்ளே அடங்கும், ஆனால் 25ஐத் தாண்டுவதால் இரண்டாவது கார் இடம் கேட்பார்கள். அந்தக் காரை நிறுத்தியிருந்த கராஜையோ இப்போதுதான் இழந்திருக்கிறோம். இப்படி ஒரு நிபந்தனையைத் தீர்க்கப் போய் இன்னொன்றைக் கெடுத்துக்கொள்வது வெகு சாதாரணம். கொத்தனாரைக் கூப்பிடுவதற்கு முன் ஒரு தாளில் வீட்டின் படத்தை வரைந்து, எண்களை எழுதிப் பார்ப்பது நல்லது.

மண்டல விதிக்கு அப்பால் இன்னொரு காகிதமும் உண்டு. அதை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. வீட்டுப் பத்திரம். பழைய மனைப்பிரிவுகளில் 'குடியிருப்புக்கு மட்டும்' என்று பத்திரத்திலேயே எழுதியிருக்கும். மாநகராட்சி விதி அனுமதித்தாலும் பத்திர நிபந்தனை தானாக மறைவதில்லை. அதை நீக்கத் தனி விண்ணப்பம் போட வேண்டும். வாடகை வீடென்றால் உரிமையாளரின் எழுத்துச் சம்மதமும் வேண்டும்.

இனி இரண்டாவது மேசை. 2018 ஜூனில் வந்த ஆர்.638 எண் விதிமுறைகளின்படி, உணவைக் கையாளும் எந்த இடத்துக்கும் ஏற்புச் சான்றிதழ் வேண்டும். இங்கே எல்லாரும் அதை சி.ஓ.ஏ. என்றே சொல்கிறார்கள். வணிக உரிமம் வேண்டாத உணவுத் தொழிலுக்கும் இது வேண்டும் என்பதைக் கவனிக்க வேண்டும். பாக்கெட் போட்ட முறுக்கைக் கடைகளுக்கு மட்டும் மொத்தமாகக் கொடுப்பவர், 'நான் நுகர்வோருக்குச் சாப்பாடு விற்கவில்லையே' என்று உரிமத்திலிருந்து விலகி நிற்கலாம்; சி.ஓ.ஏ.யிலிருந்து விலக முடியாது. கடைக்காரரே முதலில் அதைத்தான் கேட்பார்.

விண்ணப்பித்தால் சுகாதார ஆய்வாளர் நேரில் வருவார். வீட்டுச் சமையலறையில் அவர் கண் முதலில் போகும் இடம் கை கழுவும் தொட்டி. பாத்திரம் கழுவும் தொட்டியிலேயே கையையும் கழுவுவது வீட்டுப் பழக்கம். தொழிலுக்கு அது போதாது. கைக்கென்று தனித் தொட்டி, பக்கத்தில் சோப்பு, துடைக்கக் காகிதத் துண்டு. கழிப்பறைக் கதவு நேராகச் சமையலறைக்குள் திறக்கிறதா என்று பார்ப்பார். பூனையோ நாயோ உள்ளே நடமாடுகிறதா, எலி நுழையும் சந்து இருக்கிறதா, குப்பைத் தொட்டிக்கு மூடி இருக்கிறதா, சுவரும் தரையும் கழுவித் துடைக்கத்தக்கவையா என்பது அடுத்தடுத்து. சூடாக வைத்து விற்கும் சாப்பாடு 60 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். ஆகவே ஒரு வெப்பமானி வாங்கி, சோற்றின் நடுவிலும் குழம்பின் நடுவிலும் விட்டு அளந்து, நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தால் ஆய்வாளரோடு பேச்சு பாதியாகக் குறைந்துவிடும். பொறுப்பாளர் உணவுப் பாதுகாப்பில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பதும் விதியில் உண்டு.

அதே அடுப்பில் குடும்பத்துக்கும் சமைப்பதை ஏற்பதா என்பது பெரும்பாலும் ஆய்வாளர் பார்வையைப் பொறுத்தது. அவரை மடக்கப் பார்ப்பதை விட, குடும்பச் சமையல் மாலை ஆறுக்குப் பிறகு, தொழில் சாமான்கள் தனி அலமாரியில், தொழிலுக்கென்று தனிக் குளிர்சாதனப் பெட்டி என்று ஒரு ஒழுங்கைக் காட்டுவது பலனளிக்கும். சான்றிதழ் அந்த ஆளுக்கும் அந்த இடத்துக்கும் உரியது. மகள் பெயருக்கு மாற்றவோ வேறு வீட்டுக்கு எடுத்துப்போகவோ முடியாது. வந்தவர் கண்ணில் படும் இடத்தில் அதை மாட்டி வைக்கவும் வேண்டும்.

2024 நவம்பருக்குப் பிறகு இந்தச் சோதனைகள் கடுமையாகிவிட்டன. கடைத் தின்பண்டங்களோடு தொடர்புபடுத்தப்பட்ட நஞ்சு குழந்தைகள் உயிரைக் குடித்த செய்திகள் நாட்டையே உலுக்கின. குடியிருப்புகளுக்குள் இருக்கும் சிறு கடைகளும் உணவு கையாளும் இடங்களும் 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்று குடியரசுத் தலைவர் அறிவித்தார். பிறகு காலக்கெடு 2025 பிப்ரவரி 28 வரை நீட்டிக்கப்பட்டது. சும்மா இருந்த வீட்டுச் சமையல்காரர்களும் அப்போதுதான் விழித்துக்கொண்டார்கள். உரிமம் இன்றி நடத்தினால் வணிகச் சட்டத்தில் இருக்கும் தண்டனை 1000 ராண்ட் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை. அபராதத் தொகை சின்னதுதான். நிலப்பயன்பாட்டு விதியை மீறினால் வரும் செலவு அதைவிடப் பெரிது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அக்காவின் காகிதங்கள் எல்லாம் சரி என்று வைத்துக்கொள்வோம். அவ்வளவிலும் மதிலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர் மனம் கசந்தால் தொழில் நிம்மதியாக ஓடாது. வீட்டுத்தொழில் விதியின் கடைசியில் ஒரு வாக்கியம் பதுங்கியிருக்கிறது: அயலாருக்குத் தொல்லை என்று பட்டால், எந்தக் கட்டத்திலும் நிறுத்தச் சொல்லவோ கூடுதல் நிபந்தனை போடவோ மாநகராட்சிக்கு அதிகாரம் உண்டு. அயலாரின் புகாருக்கு அத்தனை பலம் தருவது அந்த வாக்கியம்தான்.

சாப்பாட்டுத் தொழிலில் தொல்லை மூன்று வழியாக வெளியே போகிறது. முதலாவது வாசனை. காய்ந்த மிளகாயைத் தாளிக்கும்போது புகை உறிஞ்சும் விசிறி எந்தப் பக்கம் துப்புகிறது என்று வெளியே போய் நின்று பாருங்கள். இந்தப் பகுதியில் வீட்டுக்கும் மதிலுக்கும் இடையே இருப்பது ஓர் ஆள் நடக்கும் சந்துதான். விசிறிக் குழாய் இடுப்புயரத்தில் சந்துக்குள் திறந்தால், அந்தப் பக்கம் கொடியில் காயும் தொழுகை உடுப்பில் அரைமணி நேரத்தில் வெங்காய நெடி ஏறிவிடும். குழாயைக் கூரைக்கு மேலே கொண்டுபோய்த் தெருப்பக்கம் திருப்புவதும், எண்ணெய் பிடிக்கும் வடிகட்டியை வாரம் ஒருமுறை கொதிநீரில் கழுவுவதும் மன்னிப்புக் கேட்பதைவிட மலிவு. தென்கிழக்குக் காற்று அடிக்கும் கோடைக்காலத்தில் புகை எங்கே போகும் என்பதைக் காற்றுதான் தீர்மானிக்கும். எந்த நாளில் துணி காயப்போடுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டால் வறுவலை வேறு நாளுக்கு மாற்றலாம்.

இரண்டாவது எண்ணெய். சமூசா பொரித்த எண்ணெயைத் தொட்டியில் ஊற்றினால் சூடாக இருக்கும்வரை ஓடும். குழாயில் குளிர்ந்ததும் உறைந்து ஒட்டும். அடைப்பு நம் வீட்டில் தெரியாது. பள்ளத்தில் இருக்கும் வீட்டு முற்றத்தின் மூடியைத் தூக்கிக்கொண்டு கழிவுநீர் பொங்கும்போதுதான் தெரியும். மாநகராட்சி ஆள் வந்து குழாயைக் குத்தி எடுக்கும்போது வெள்ளைக் கட்டியாகக் கொழுப்பு வந்தால், அது எந்த வீட்டிலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகாது. தொட்டிக்குக் கீழே கொழுப்பைப் பிடிக்கும் பெட்டி வைப்பது, பாத்திரத்தைக் கழுவுமுன் காகிதத்தால் துடைப்பது, பழைய எண்ணெயை 20 லிட்டர் கேனில் சேர்த்து அதை எடுத்துப்போகிறவர்களிடம் கொடுத்து ரசீது வாங்குவது, இவை மூன்றும் போதும். அந்த ரசீதுகளைப் பத்திரப்படுத்தினால், பிறகொரு நாள் பழி நம்மேல் விழும்போது கைகொடுக்கும்.

மூன்றாவது கார். வாரநாள் சாப்பாட்டை அக்காவே வண்டியில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவதால் தெருவில் கூட்டமில்லை. பிரச்சினை தீபாவளி. 2026இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. இந்நாட்டில் அது பொது விடுமுறை இல்லை என்றாலும் ஞாயிறு என்பதால் அன்று விற்பனைக்கு அனுமதியில்லை. முந்திய நாள் பகல் ஒரு மணியோடு நேரம் முடிகிறது. அறுபது குடும்பங்கள் பலகாரப் பெட்டிக்குச் சொல்லி வைத்திருக்கின்றன என்றால், பழக்கப்படி எல்லாரும் சனிக்கிழமை பதினொன்றுக்கும் ஒன்றுக்கும் நடுவில் வருவார்கள். மணிக்கு முப்பது கார். ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றாலும் எந்நேரமும் இரண்டு மூன்று கார் வாசலில் நிற்கும். நமக்கிருப்பது ஓர் இடம். மீதி கார்கள் பக்கத்து வீட்டுக் கேட்டை அடைத்துக்கொண்டுதான் நிற்கும்.

அதையே வியாழன், வெள்ளி இரண்டு நாளும் முழுநேரமும், சனிக்கிழமை ஐந்து மணி நேரமும் என்று விரித்தால் கையில் 24 மணி நேரம் இருக்கிறது. மணிக்கு இரண்டு மூன்று கார் மட்டும். ஆர்டர் எடுக்கும்போதே 'உங்களுக்கு வெள்ளிக்கிழமை மூன்று மணி' என்று நேரத்தைச் சொல்லி எழுதிவிட வேண்டும். வெள்ளி நண்பகலில் பள்ளிவாசல் தொழுகைக்குத் தெரு முழுதும் கார் நிற்கும் என்பதால் பன்னிரண்டு முதல் இரண்டு வரை யாருக்கும் நேரம் கொடுக்காமல் விட்டால், அந்தப் பக்கத்து வீட்டு ஆன்ட்டி சொல்லாமலே புரிந்துகொள்வார். கெடாத பலகாரமாக முறுக்கு, அதிரசம், மைசூர்பாகு என்று பட்டியலை அமைத்துக்கொண்டால் மூன்று நாள் முன்னதாக வாங்கிப் போக யாரும் தயங்கமாட்டார்கள்.

நேர விதி சமைப்பதற்கும் பொருந்தும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. தொழிலுக்காக விடியற்காலை ஐந்துக்கு மாவாட்டும் இயந்திரத்தை ஓடவிட்டால், வாசலில் ஒரு வாடிக்கையாளர்கூட இல்லாவிட்டாலும் அது நேரத்துக்கு வெளியேதான். பொதுச்சுவரை ஒட்டி அந்த இயந்திரம் இருந்தால் சுவரே அதிரும். இட்லிமாவை முந்தின நாள் மாலை ஐந்துக்குள் ஆட்டி வைப்பது புளிப்புக்கும் நல்லது.

தொடங்குமுன் இரு பக்கத்து வீட்டிலும், எதிர்வீட்டிலும், பின்மதில் வீட்டிலும் நேரில் போய்ச் சொல்லிவிடுவது சட்டம் கேட்பதல்ல. ஆனால் நான் அதை முதல் படியாகவே வைப்பேன். 'ஆன்ட்டி, திங்களிலிருந்து சாப்பாடு செய்யப் போகிறேன். எட்டு மணிக்கு முன் சத்தம் இருக்காது. ஏதாவது தொந்தரவாக இருந்தால் இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள், எந்நேரமானாலும்' என்றால் போதும். ஒரு தட்டுப் பலகாரம் கூடப் போகலாம். ஆனால் தட்டு பதிலாகாது, எண்தான் பதில். கூப்பிட ஓர் எண் இருப்பவர் மாநகராட்சிக்கு எழுதுவதற்கு முன் நம்மைக் கூப்பிடுவார். அப்படி வந்த குறையை எந்தத் தேதியில் என்ன செய்து சரிசெய்தோம் என்று அந்த வெப்பமானி நோட்டிலேயே பின்பக்கம் எழுதி வைக்கலாம். ஆய்வாளர் வந்தால் அவர் கேட்கும் கேள்விகளில் பாதி அங்கே விடையோடு இருக்கும்.

அடுக்குமாடிக் குடியிருப்பென்றால் கதை வேறு. 2011ஆம் ஆண்டின் 8ஆம் எண் அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி, குடியிருப்பு என்று வரைபடத்தில் காட்டிய அலகை வேறு எதற்கும் பயன்படுத்த எல்லா உரிமையாளர்களின் எழுத்துச் சம்மதமும் வேண்டும். மறுப்பு நியாயமற்றது என்று பட்டால் அதை எதிர்த்து முறையிடவும் சட்டத்தில் வழி உண்டு. தகராறு முற்றினால் சமூகக் குடியிருப்புகளுக்கான குறைதீர் அமைப்பிடம் போகலாம். இருந்தாலும் மூன்றாம் மாடியில் பிரியாணி அண்டா வைக்க அத்தனை கையெழுத்தும் வாங்கியவரை நான் பார்த்ததில்லை.

தொழில் வளர்ந்து நான்காவது ஆள் வேண்டும், ஞாயிறும் வேண்டும் என்ற நிலை வந்தால், நிபந்தனைகளைத் தளர்த்த மாநகராட்சிக்கு விண்ணப்பிக்கலாம். பாதிக்கப்படக்கூடிய அயலாருக்கு அறிவிப்புப் போகும். ஆட்சேபணை எழுத அவர்களுக்கு 30 நாள் உண்டு. விண்ணப்பத்தை முதலில் போட வேண்டும், ஆளைப் பிறகு சேர்க்க வேண்டும். முறை மாற்றிச் செய்து, புகார் வந்த பிறகு அனுமதி கேட்டால், மீறலுக்கான நிர்வாகத் தண்டத்தை முதலில் தீர்க்கச் சொல்வார்கள். விதிமீறிப் பயன்படுத்திய பகுதியின் மாநகராட்சி மதிப்பீட்டில் 100 சதவீதம் வரை அது போகலாம். அதிகபட்சம் எல்லாருக்கும் விழுவதில்லை என்றாலும், வீட்டின் மதிப்பை வைத்துக் கணக்கிடும் தொகை 1000 ராண்டோடு நிற்காது. அந்தக் கட்டத்தில் கேட்ஸ்வில் கடைத்தெருப் பக்கம் வணிக மண்டலத்தில் ஒரு சின்னச் சமையலறையை வாடகைக்கு எடுத்து, அந்த முகவரிக்குப் புதிய சி.ஓ.ஏ.யும் புதிய உரிமமும் வாங்குவது பல சமயம் குறைந்த செலவில் முடியும்.